கடலை மிட்டாய்க்குப் பின் மென்று உண்பதை நிறுத்திய எட்டு வயதுச் சிறுமி: ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியின் ஒரு சிறுநகரில் வாழும் எட்டு வயதுச் சிறுமி, தொண்டையில் உணவு சிக்கிய ஒரு சம்பவத்திற்குப் பிறகு திட உணவைப் படிப்படியாக விலக்கி, பத்தாம் வாரத்தில் எங்களிடம் வந்தபோது திரவங்களை மட்டுமே உட்கொண்டு வந்தாள். அவளை எங்கள் குழு மதிப்பிட்ட விதமும், படிப்படியாக உணவுக்குத் திரும்பக் கொண்டுவந்த விதமும், இடையில் நாங்கள் செய்த தவறுகளும் இங்கே வரிசையாகப் பதிவு செய்யப்படுகின்றன. குழுவில் குழந்தைநல மருத்துவர், உணவியல் நிபுணர், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர், சிகிச்சை உளவியலாளராகிய நான் என நால்வர் இருந்தோம். பெற்றோரின் ஒப்புதலுடன் எழுதப்படும் இக்குறிப்பில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

சம்பவம் மே மாத விடுமுறையில், தாய்வழிப் பாட்டியின் ஊரில் நடந்தது. மற்ற பிள்ளைகளோடு திண்ணையில் ஓடி விளையாடிக்கொண்டே கடலை மிட்டாய் தின்றபோது ஒரு துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டது. மாமா முதுகில் தட்ட, சில நொடிகளில் துண்டு வெளியே வந்து விழுந்தது. மூச்சு உடனே சீரானது, நினைவு தவறவில்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையும் இல்லை. அன்றிரவு அவள் பால் மட்டும் குடித்துவிட்டுத் தூங்கினாள். பயந்திருக்கிறாள், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று வீட்டார் நினைத்தது இயல்பே.

ஆனால் முதல் வாரம் முறுக்கும் கடலையும் மட்டுமே விலக்கப்பட்டன. இரண்டாம் வாரம் சப்பாத்தியும் தோசையும் விலகின. மூன்றாம் வாரம் முடிவதற்குள் சோறும் இட்லியும் போயின. அதன்பின் அவள் உட்கொண்டவை பால், வடிகட்டிய ராகிக் கஞ்சி, ரசத்தின் தெளிவு, வடிகட்டிய பழச்சாறு ஆகியவை மட்டுமே. அவற்றையும் ஒரே எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்பாள். குடிப்பதற்கு முன் டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்து, “அம்மாயி, இதுல திப்பி இருக்கா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். இல்லை என்று சொன்னாலும் மறுபடி ஒருமுறை வடிகட்டச் சொல்வாள்.

சம்பவத்திற்கு முன்பும் அவள் சரளமாகச் சாப்பிடும் குழந்தை அல்லள். தயிர்சாதத்தில் இருக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பதும், தக்காளித் தோலைத் துப்புவதும், வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் தொடவே மறுப்பதும் மூன்று வயதிலிருந்தே இருந்தன. ஆனால் அந்தக் குறுகிய பட்டியலுக்குள்ளேயே அவள் போதுமான அளவு சாப்பிட்டு, வயதுக்கேற்ப வளர்ந்து வந்தாள். ஏப்ரலில் பள்ளியில் எடுத்த எடை 21 கிலோ.

எங்களிடம் வருவதற்கு முன் குடும்பம் இரண்டு இடங்களுக்குச் சென்றிருந்தது. ஒரு மருத்துவரிடம் பசியைத் தூண்டும் மருந்து மூன்று வாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசி கூடியபோது அழுகைதான் கூடியது. பிறகு உறவினர் சொல்படி தொக்கம் எடுப்பவரிடம் அழைத்துச் சென்றார்கள். தொண்டையில் சிக்கியிருந்தது என்று சொல்லி அவர் ஒரு கடலைத் துணுக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்று மாலை அவள் இரண்டு வாய் குழைந்த சோறு சாப்பிட்டதாகப் பாட்டி மகிழ்ச்சியோடு சொன்னார். மறுநாள் காலையில், “இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டி, இட்லித் தட்டைத் தள்ளிவிட்டாள். தன் தொண்டையில் பொருள்கள் பல நாள் தங்கியிருக்க முடியும் என்பதை அவள் கண்ணால் கண்டுவிட்டாள் என்பதே இதன் பொருள்.

முதல் சந்திப்பில் கண்டவை

ஜூலை இறுதியில் எடை 18.6 கிலோ, உயரம் 120 சென்டிமீட்டர். ஏப்ரல் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்திருந்தது. உடல் நிறை குறியீடு 12.9, அந்த வயதுப் பெண் குழந்தைகளின் நடுமதிப்பு 15.7 அளவில் இருக்கும். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 78. படுத்திருந்து எழுந்தபோது துடிப்பிலோ இரத்த அழுத்தத்திலோ கவலைக்குரிய மாற்றம் இல்லை. உதடு சற்று வெளிறியிருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. சிறுநீர் வழக்கம்போல் போனது.

அவளைத் தனியே வைத்துப் பேசியபோது, மெலிந்திருப்பது பிடித்திருக்கிறதா, குண்டாகிவிடுவோம் என்ற பயம் உண்டா என்று அவள் வயதுக்குரிய சொற்களில் கேட்டோம். “ஓட்டப்பந்தயத்துல காலு வலிக்குது, எடை போட்டா நல்லாருக்கும்” என்றாள். உடல் தோற்றம் பற்றிய கவலை அவளிடம் இல்லை. வீட்டில் உணவுக்குப் பற்றாக்குறை இல்லை. விரதம் போன்ற காரணமும் இல்லை.

அடுத்து, அவள் சாப்பிடுவதைப் பார்க்க விரும்பினோம். இந்த நிகழ்வில் எந்தப் பரிசோதனையையும்விட அந்த இருபது நிமிடம் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியில் அரைத் தேக்கரண்டி அளவு பிட்டு வைத்தார். சிறுமி அதை வாயில் வைத்து எழுபது முறைக்கு மேல் மென்றாள். இட்லி கூழாகிவிட்ட பின்பும் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். தண்ணீரை ஒரு மிடறு வைத்துக்கொண்டு விழுங்க முயன்று, தோள்கள் இரண்டும் காதுவரை உயர, கண் கலங்கி, கைக்குட்டையில் துப்பினாள். ஆனால் அதே சிறுமி, கவனம் வேறெங்கோ இருந்தபோது, அரை டம்ளர் தண்ணீரை இடைவிடாமல் குடித்து முடித்தாள். விழுங்கும் இயக்கத்தில் கோளாறு உள்ள குழந்தை பெரும்பாலும் உணவை விழுங்கும், விழுங்கிய பின் இருமும் அல்லது நெஞ்சைப் பிடிக்கும். இவளுக்கோ எல்லா இடரும் விழுங்குவதற்கு முன்பே நடந்தது.

மருத்துவ மதிப்பீடும் அதன் காரணங்களும்

இந்தக் கவனிப்பே போதும், இது பயம்தான் என்று முடிவு செய்திருக்கலாம். அப்படிச் செய்யாததற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் அளிக்கவிருந்த சிகிச்சை, அவள் அஞ்சுவதை விழுங்கச் செய்து, அஞ்சியது நடக்கவில்லை என்று அவளே கண்டுகொள்ளச் செய்வது. உணவுக்குழாய் உண்மையாகவே சுருங்கியோ வீங்கியோ இருந்தால், நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வாயும் அவள் பயம் சரியென்றே நிரூபிக்கும்.

முதல் கேள்வி, கடலையின் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்குமோ என்பது. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகையால் படம் சரியாக இருக்கிறது என்பது மட்டும் ஆறுதல் தராது. நீடித்த இருமல், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் இரைப்பு, ஒரு பக்கக் காற்றோட்டக் குறைவு, திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி ஆகியவற்றைத் தேட வேண்டும். பத்து வாரத்தில் இவை எதுவும் இல்லை. இரு நுரையீரலிலும் காற்றோட்டம் சமமாக இருந்தது. மார்பு எக்ஸ்ரேயும் சீராக இருந்தது.

இரண்டாம் கேள்வி எங்களை அதிக நேரம் யோசிக்க வைத்தது. அவளுக்குச் சிறுவயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் இருந்ததாகத் தாய் சொன்னார். தந்தைக்கு ஒவ்வாமைத் தும்மல் உண்டு. ஒவ்வாமைப் பின்னணியுள்ள குழந்தைகளுக்கு ஈசினோஃபிலிக் உணவுக்குழாய் அழற்சி வரலாம். அதில் திட உணவு சிக்கும். குழந்தை மெதுவாக, நிறையத் தண்ணீர் குடித்துச் சாப்பிடும். சிக்கிய அனுபவத்தால் பயமும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சிறுமியின் கதை அதற்கும் பொருந்தியது. பேரியம் விழுங்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் சுருக்கமோ தடையோ தெரியவில்லை என்றாலும், இந்த அழற்சியை அது விலக்காது. எனவே மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி செய்து, பார்வைக்குச் சீராகத் தெரிந்தாலும் உணவுக்குழாயின் பல இடங்களிலிருந்து திசுத் துணுக்குகள் எடுக்கப்பட்டன. அழற்சி என்று சொல்ல நுண்ணோக்கியின் ஓர் உயர்பெருக்கப் புலத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குறைந்தது 15 தெரிய வேண்டும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. கரப்பான் வரலாறு இல்லாமல் இருந்திருந்தால் எண்டோஸ்கோப்பிக்கு நாங்கள் போயிருக்க மாட்டோம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 9. இரும்புச்சத்துக் குறைவு தெளிவாக இருந்தது. வைட்டமின் டி-யும் குறைந்திருந்தது. தைராய்டு, சீலியாக் நோய்க்கான பரிசோதனை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை சீராக இருந்தன. பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் ஆகியவற்றையும் பார்த்தோம். நெடுநாள் குறைவாக உண்ட உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுக்கும்போது பாஸ்பேட் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், தொடக்க அளவு கையில் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்து, தவிர்த்தலும் கட்டுப்படுத்தலுமான உணவு உட்கொள்ளல் கோளாறு, அதாவது ஆர்ஃபிட், என்று முடிவு செய்தோம். 2013-இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்ற இந்தப் பெயர், பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இது மூன்று வழிகளில் வெளிப்படும்: உணவின் பதம், மணம், சுவை ஆகியவற்றைப் பொறுக்க முடியாமை, உணவில் நாட்டமின்மை, சிக்கும், வாந்தி வரும் என்பன போன்ற பின்விளைவுப் பயம். இவளிடம் முதலாவது வகை சிறுவயது முதல் இலேசாக இருந்தது. அதன்மேல் மூன்றாவது வகை வந்து அமர்ந்தது. எதற்குச் சிகிச்சை அளிக்கிறோம், எதை இப்போதைக்கு விட்டுவைக்கிறோம் என்பதை இந்தப் பிரிவினை தீர்மானித்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பயிற்சிக்கு முன் உடலைத் தேற்றுவது. அவள் ஒரு நாளில் உட்கொண்டது ஏறத்தாழ 750 கலோரி என்று உணவியல் நிபுணர் கணக்கிட்டார். அவள் ஏற்கும் திரவங்களையே அடர்த்தியாக்கி, முதலில் 1,000 கலோரி, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, பத்து நாளில் 1,500 என்று திட்டமிட்டோம். கஞ்சியில் நெய், முழுக் கொழுப்புப் பால், தேங்காய்ப்பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், தினம் இருமுறை 200 மில்லி ஊட்டச்சத்துப் பானம் ஆகியவை அதில் அடங்கும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பாஸ்பேட் பார்க்கப்பட்டது, இறங்கவில்லை.

மூக்கு வழிக் குழாய் வேண்டாம் என்பது இரண்டாவது முடிவு. தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று நம்பும் குழந்தையின் தொண்டைக்குள் ஒரு குழாயை வைக்க, வேறு வழியே இல்லாத நிலை வர வேண்டும் என்று கருதினோம். ஆனால் அந்த நிலை எது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தோம்: எடை 17.8 கிலோவுக்குக் கீழே போனாலோ, தொடர்ந்து இரண்டு வாரம் குறைந்தாலோ, திரவங்களையும் மறுத்தாலோ உள்நோயாளியாகச் சேர்ப்பது. இந்த எல்லை பெற்றோரிடமும் எழுத்தில் இருந்ததால், அதன்பின் ஒவ்வொரு வேளையும் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகத் தோன்றவில்லை.

மூன்றாவது முடிவு, சாப்பாட்டு வேளையையும் பயிற்சி வேளையையும் பிரிப்பது. சாப்பாட்டு வேளையில் அவள் ஏற்பவை மட்டும் வைக்கப்படும். அரை மணி நேரத்தில் முடியும். யாரும் கெஞ்சவோ மிரட்டவோ தட்டோடு பின்னால் போகவோ கூடாது. பாட்டிக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. “கண்ணு, இன்னும் ஒரே ஒரு வாய்” என்று சொல்லியே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அந்த வேளைகளில் குழந்தையின் தோள் எப்படி உயர்கிறது என்பதைக் காணொளியில் காட்டியபோது, சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “நாந்தான் பயமுறுத்தறனாக்கும்” என்றார். அன்பினால் செய்தது பயத்திற்குத் தீனியாகிவிடுகிறது என்பதை அவரிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாயிடம் வேறொன்று கேட்டோம். எண்டோஸ்கோப்பிக்குப் பிறகு அவர் ஒரு நாளில் இருபது முறையாவது, “டாக்டரே உள்ள பார்த்துட்டாரு, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சிறுமி சில நிமிடம் ஆறி, பிறகு மறுபடி கேட்டாள். இந்தக் கேள்விக்கு நாளுக்கு ஒருமுறை மட்டும் பதில், அதன்பின் “அதை நம்ம பயிற்சில கண்டுபிடிப்போம்” என்ற ஒரே வாக்கியம் என்று முடிவு செய்தோம்.

எதிர்கொள்ளும் பயிற்சி

பயிற்சி வாரம் ஒருமுறை எங்களிடம் 45 நிமிடம், வீட்டில் தினம் 15 நிமிடம். தொடங்கும்போது விழுங்கல் சிகிச்சையாளர் கண்ணாடியும் டார்ச்சும் கொடுத்து அவள் தொண்டையை அவளையே பார்க்கச் சொன்னார். விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடும் மூடி எப்படி வேலை செய்கிறது என்று வரைந்து காட்டினார். இனி ஒருபோதும் சிக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பெரிய துண்டாகக் கடித்தால் யாருக்கும் சிக்கும். உட்கார்ந்து மென்றால் சிக்குவது அரிது என்றே சொன்னோம்.

அதற்கடுத்து, உணவே இல்லாத ஒரு பயிற்சி. எச்சிலை நிறுத்தாமல் ஐந்து முறை விழுங்கச் சொன்னோம். மூன்றாவது முறைக்குப் பிறகு எவருக்கும் தொண்டை இறுகும். அவள் கண்கள் விரிந்தன: “இதேதான் அக்கா! இட்லி வெச்சா இப்பிடித்தான் அடைக்கும்.” வாயில் எதுவும் இல்லாமலேயே அந்த அடைப்பு வந்தது என்பதை அவளே சொன்னாள். தொக்கம் எடுத்துக் காட்டிய கடலைத் துணுக்கோடு அதுவரை எந்த வாதமும் செய்யாமல் காத்திருந்தோம். அன்றுதான் அதன் பிடி முதன்முதலாகத் தளர்ந்தது.

படிக்கட்டை அவளே அமைத்தாள். உணவுகளின் பெயரை அட்டைகளில் எழுதி, பயத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை விரல்களால் காட்டச் சொன்னோம். வடிகட்டாத பருப்புத் தண்ணீருக்கு இரண்டு விரல், குருணைக் கஞ்சிக்கு மூன்று, மசித்த தயிர்சாதத்திற்கு நான்கு, இட்லிக்கு ஐந்து, தோசைக்கு ஆறு, அதன் முறுகிய ஓரத்திற்கு ஏழு, சப்பாத்திக்கு எட்டு, முறுக்குக்கு ஒன்பது. கடலை மிட்டாய்க்குப் பத்து விரலையும் விரித்து, உடனே கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பயிற்சியிலும் விழுங்குவதற்கு முன், என்ன நடக்கும் என்று அவள் நினைக்கிறாள் என்பது எழுதப்படும். விழுங்கிய பின் என்ன நடந்தது என்பது எழுதப்படும். பாராட்டு முயற்சிக்கு மட்டுமே, அளவுக்கு அல்ல. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பது, மெல்லுவதை எண்ணுவது, விரலை விட்டு வாயைத் தடவிப் பார்ப்பது, தாயின் கை முதுகில் இருக்க வேண்டும் என்பது ஆகிய நான்கும் அவளுக்குத் துணையாக இருந்தன. அவை இருக்கும்வரை, தண்ணீர் இருந்ததால்தான் பிழைத்தேன் என்றே அவள் மனம் கணக்குப் போடும். ஒரு படி எளிதானதும் இவற்றில் ஒன்றை விலக்கி, அதே படியை மறுபடி ஏறச் சொன்னோம்.

தொடர்ந்து நடந்தவை

முதல் இரண்டு வாரத்தில் எடை 19.1 கிலோ ஆனது. மூன்றாம் வாரம் எங்கள் கவனக்குறைவால் சறுக்கியது. இரும்புச்சத்து மருந்தை எவ்வளவு, எப்போது என்று எழுதிக் கொடுத்தோமே தவிர, எப்படிக் கொடுப்பது என்று பேசவில்லை. துருப்பிடித்த வாடை அடிக்கும் அந்த மருந்தை அவள் மறுக்கவே, வீட்டில் ராகிக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிட்டார்கள். முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றோடு கஞ்சி நின்றது. அவளுடைய மிகப் பெரிய கலோரி ஆதாரம் நான்கு நாளுக்கு இல்லாமல் போய், 300 கிராம் குறைந்தது. பாலையும் முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

தாய் அவளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். இனி எதிலும் எதையும் மறைக்க மாட்டோம் என்று சொன்னார். கஞ்சி அவள் கண்ணெதிரே, அவளே கிளற, புதிதாகக் காய்ச்சப்பட்டது. மருந்து, சாப்பாட்டோடு தொடர்பில்லாத மாலை நேரத்தில், ஊசியில்லாத சிரிஞ்சில், மருந்து என்ற பெயரோடு கன்னத்தின் உட்புறமாக விடப்பட்டது; பிறகு வடிகட்டிய சாத்துக்குடிச் சாறு. அவள் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் வாரத்தில் குருணைக் கஞ்சியும் மசித்த தயிர்சாதமும் வந்தன. வேகம் எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது. ஆறாம் வாரம் இட்லியை அரைத் தேக்கரண்டி அளவிலேயே தொடங்கிவிட்டோம். மூன்று நாள் அவள் வெற்றிகரமாக விழுங்கியதாக வீட்டுக் குறிப்பேட்டில் இருந்தது. நான்காம் நாள், பயிற்சி முடிந்ததும் அவள் பேசாமல் எழுந்து போவதைப் பாட்டி கவனித்தார். பின்னாலேயே போனபோது, கன்னத்தில் அடக்கியிருந்ததைக் கழிப்பறையில் துப்பிக்கொண்டிருந்தாள். ஏமாற்றுகிறாள் என்று தந்தை கோபப்பட்டார். படி உயரமாகிவிட்டது என்பதைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

உணவை மாற்றாமல் அளவைக் குறைக்க முடிவு செய்தோம். அந்த வழியை அவளே காட்டினாள். வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்தும் டப்பாக்களிலிருந்தும் கடுகு, உளுந்து, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஒவ்வொன்றை எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். கடைசியில் ஒரு நெல்லிக்காயை வரைந்தாள். முதல் நாள் கடுகளவு இட்லி. ஊசிமுனையில் எடுப்பதுபோல் எடுத்து, நாக்கின் நடுவில் வைத்து, தண்ணீர் இல்லாமல் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். “எங்க போச்சுன்னே தெரியல” என்றாள். அன்று அதையே பன்னிரண்டு முறை செய்தாள். உளுந்தளவுக்கு இரண்டு நாள், துவரம்பருப்பு அளவுக்கு மூன்று நாள், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வாரம் ஆனது. நெல்லிக்காய் அளவு, அதாவது சாதாரணமாக நாம் வாயில் வைக்கும் அளவு, எட்டாம் வாரம் வந்தது. அதன்பின் ஒவ்வொரு புது உணவும் இதே அட்டையின் வழியாகவே போனது. தோசைக்கு ஐந்து நாள்தான் பிடித்தது.

பள்ளியில் வேறொரு தடை இருந்தது. டப்பாவைக் காலி செய்யும்வரை எழக்கூடாது என்பது வகுப்பு வழக்கம். ஆசிரியரிடம் பேசி, அவளுக்கு அந்த விதியைத் தளர்த்தினோம். ஆனால் குடுவையில் கஞ்சி கொண்டுபோவதை நிரந்தரமாக்கவில்லை. வீட்டில் எளிதான உணவை ஒரு வாரம் கழித்துப் பள்ளியில், தாய் இல்லாமல், சத்தத்தின் நடுவே சாப்பிடுவதும் படிக்கட்டின் ஒரு பகுதியானது. பன்னிரண்டாம் வாரம் சப்பாத்தி, பதினைந்தாம் வாரம் முறுக்கு. கடலை மிட்டாயை எங்கள் அறையில் வைத்து முடிக்காமல், பதினெட்டாம் வாரம், பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, கடுகளவிலிருந்து தொடங்கச் சொன்னோம். அன்று கொண்டைக்கடலை அளவில் நிறுத்திக்கொண்டாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு தின்றார்.

ஆறாம் மாத முடிவில் எடை 21.9 கிலோ, உயரம் 122 சென்டிமீட்டர், ஹீமோகுளோபின் 11.9, ஃபெரிட்டின் 31. ஊட்டச்சத்துப் பானம் நான்காம் மாதமே நிறுத்தப்பட்டது. பத்தாம் மாதத்தில் சளியும் தொண்டை வலியும் வந்தபோது நான்கு நாள் கஞ்சிக்குத் திரும்பினாள். இப்படி நடக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், பெற்றோர் பதறாமல், காய்ச்சல் விட்டதும் அட்டையை எடுத்துத் துவரம்பருப்பு அளவிலிருந்து தொடங்கி ஒரு வாரத்தில் சரிசெய்தார்கள்.

கடுகை இன்னும் பொறுக்கி வைக்கிறாள். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இன்னும் தட்டுக்கு வரவில்லை. இவை உணவின் பதத்தைப் பொறுக்காத பழைய இயல்பின் பகுதி. பயத்தின் பகுதி அல்ல. வளர்ச்சியோ சத்துகளோ குறையாதவரை இவற்றைச் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது எங்கள் முடிவு. ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டிருந்தால், பயிற்சி என்ற சொல்லே அவளுக்குக் கசந்திருக்கும் என்று கருதுகிறேன். பெற்றோருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மருந்தை எப்படிக் கொடுப்பது என்ற பேச்சை முதல் சந்திப்பிலேயே முடித்திருக்க வேண்டும். ஏற்கும் உணவு நான்கே இருக்கும் குழந்தைக்கு, அவற்றில் ஒன்றில் எதையும் மறைத்துக் கலக்கக்கூடாது என்பதை இப்போது மருந்துச்சீட்டிலேயே எழுதுகிறோம்.

தொக்கம் எடுத்த செய்தி எங்களுக்கு மூன்றாம் சந்திப்பில்தான் தெரிந்தது. திட்டுவார்கள் என்று குடும்பம் மறைத்திருந்தது. நாங்கள் கேட்ட விதமும் அதற்குக் காரணம். “வேற எங்கயாவது காட்டுனீங்களா?” என்ற கேள்விக்கு மருத்துவர்களின் பெயர்கள்தான் பதிலாக வரும். தொக்கம், மந்திரிப்பு, வீட்டு வைத்தியம் என்று பெயர் சொல்லி, குற்றம் சாட்டாத குரலில் கேட்டிருந்தால், “இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு” என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வாரம் முன்பே புரிந்திருக்கும். எச்சில் விழுங்கும் பயிற்சியையும் அவ்வளவு முன்னதாகத் தொடங்கியிருப்போம்.

இட்லிப் படியில் அவசரப்பட்டது குறித்து ஒரு நடைமுறை மாற்றம் செய்துள்ளோம். விழுங்கினாள் என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், குழந்தை வாயைத் திறந்து காட்டி, பிறகு ஒரு வாக்கியமாவது பேச வேண்டும். கன்னத்தில் உணவை அடக்கிக்கொண்டு தெளிவாகப் பேச முடியாது. இதைப் பிடிபடுவதற்கான சோதனையாக அல்லாமல், இந்தப் படி உயரமா என்று கேட்கும் வழியாகவே குழந்தையிடம் சொல்கிறோம்.